ரிலீவர், ஐந்து நிமிடம், அப்புறம் பிரிவென்டர்: இரண்டு இன்ஹேலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டாக்டர் சீட்டில் ஆஸ்துமாவுக்கு இரண்டு இன்ஹேலர் எழுதியிருந்தால், வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது, "அண்ணே, இதுல எது முதல்ல?" ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு அதற்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். எவ்வளவு நேரம் விட்டு அடுத்ததை எடுப்பது, டப்பாவில் மருந்து மீதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற இரண்டுக்கும் அரை நிமிடம் பற்றாது. கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது அதையெல்லாம் முழுசாகச் சொல்லி முடிக்கவும் முடிவதில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

இது அழுத்தினால் புகை மாதிரி பீய்ச்சும் இன்ஹேலருக்கான வழிகாட்டி. மாத்திரைக் குப்பியைக் கருவியில் போட்டு உறிஞ்சும் பவுடர் வகைக்கு வேறு முறை. அதைக் குலுக்க வேண்டியதில்லை, மீதியைப் பார்க்கக் குப்பிகளை எண்ணினால் போதும்.

முதலில் எது எது என்று பிரித்துவிடுங்கள்

ரிலீவர் என்பது இழுப்பு வரும்போது எடுப்பது. பெரும்பாலும் சால்புட்டமால் அல்லது லெவோசால்புட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிக்கொள்வதால்தான் வீசிங் வருகிறது. இந்த மருந்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடத்தில் வேலை தொடங்கும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும்.

பிரிவென்டர் தினமும் எடுப்பது. புடசனைட், பெக்லோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன் மாதிரியான ஸ்டீராய்டு. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை இது மெல்ல மெல்ல இறக்கும். அதற்கு நாட்கள் ஆகும், முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். இழுப்பு வரும்போது இதை அடித்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

நிறத்தை நம்பிப் பிரிக்காதீர்கள். "நீலம் அவசரத்துக்கு" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மூடியின் நிறம் மாறுகிறது. மருந்தின் பெயரைப் படியுங்கள், படிக்க முடியாதவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் செய்வது என்னவென்றால், புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி ஒவ்வொரு இன்ஹேலரின் பிளாஸ்டிக் உடம்பிலும் ஒட்டுவேன். ஒன்றில் "இழுப்புக்கு", இன்னொன்றில் "தினமும்" என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவேன். உப்புக் காற்றிலும் வியர்வைக் கையிலும் மார்க்கர் பேனா மை சீக்கிரம் அழிந்துவிடுகிறது, பிளாஸ்திரித் துணியில் எழுதியது நிற்கிறது. உள்ளே இருக்கும் உலோக டப்பாவிலும் இப்படி ஒரு துண்டு வேண்டும். கழுவுவதற்காக இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, மாற்றி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ரிலீவர் எப்போது முன்னால் வரும், எப்போது வேண்டாம்

இரண்டையும் ஒரே வேளையில் எடுக்க வேண்டியிருந்தால் ரிலீவர்தான் முதலில். காரணம் நேரடியானது. குழாய் இறுகியிருக்கும்போது ஸ்டீராய்டை அடித்தால் அது போகும் வழி குறுகலாக இருக்கும், ஆழமாக இழுக்கவும் முடியாது. பாதி மூச்சில் இருமல் வந்து எல்லாம் வெளியே வந்துவிடும். முதலில் ரிலீவரை எடுத்துக் குழாய் திறக்க ஐந்து நிமிடம் விட்டால், பின்னால் வரும் பிரிவென்டர் உள்ளே நன்றாகப் பரவும்.

இதை ஒரு சட்டமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது. காலையில் எழுந்ததும் மூச்சு சரியாக இருக்கிறது, நெஞ்சில் இறுக்கம் இல்லை, விசில் சத்தம் இல்லை என்றால் ரிலீவர் தேவையே இல்லை. பிரிவென்டரை நேராக எடுக்கலாம். "டாக்டர் இரண்டும் எழுதியிருக்காரு, அதனால ரெண்டும் ரெண்டு வேளையும் அடிக்கிறேன்" என்பது நான் வாரா வாரம் கேட்கும் வாசகம். சீட்டில் ரிலீவருக்கு நேராகத் தேவைப்படும்போது என்றுதான் எழுதியிருக்கும். தேவையில்லாமல் தினமும் எடுத்தால் கை நடுக்கமும் படபடப்பும் மிச்சம். அதைவிட மோசமானது, நோய் உள்ளே முற்றிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். நாலு மணி நேரம் குழாய் திறந்திருக்கும், நன்றாக இருக்கிறோம் என்று தோன்றும், வீக்கம் மட்டும் அப்படியே இருக்கும். டாக்டரே தினமும் இரண்டையும் எடுக்கச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு விலக்கும் உண்டு. ஃபார்மோட்டெரால் என்ற மருந்தும் ஸ்டீராய்டும் ஒரே டப்பாவில் சேர்ந்து வரும் இன்ஹேலர் சிலருக்கு எழுதப்படுகிறது. ஃபார்மோட்டெரால் சால்புட்டமால் மாதிரியே சில நிமிடத்தில் குழாயைத் திறக்கும். அதனால் அந்த ஒன்றையே தினமும் எடு, இழுப்புக்கும் எடு என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னவர்களுக்கு முன்னால் தனியாக ரிலீவர் அடிக்கும் வேலை இல்லை. சால்மெட்டரால் சேர்ந்த இன்ஹேலர் பெட்டியைப் பார்த்தால் அதே மாதிரிதான் தெரியும், ஆனால் அது மெதுவாக வேலை செய்வது. அவசரத்துக்கு ஆகாது. உங்கள் டப்பாவில் எது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு காலையைப் படிப்படியாகப் பார்ப்போம்

கருவாடு காயப்போடும் இடத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். பல பேரிடம் பார்த்ததைச் சேர்த்து நான் உருவாக்கிய ஆள்தான் இவர். சீட்டில் புடசனைட் 200 காலையில் இரண்டு பஃப், இரவில் இரண்டு பஃப். சால்புட்டமால் 100 தேவைப்படும்போது இரண்டு பஃப். நேற்று காய்ந்த நெத்திலியைக் கோணியில் அள்ளிக் கட்டியிருக்கிறார், அந்தத் தூசியில் ராத்திரி முழுக்க இருமல். விடிகாலையில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. ஆகவே இன்று ரிலீவர் தேவை.

மணி 6:00. அக்கா நிமிர்ந்து உட்காருகிறார். ரிலீவரின் மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் பார்க்கிறார். பையில் கிடந்ததால் வெற்றிலைத் துணுக்கோ மணலோ உள்ளே போயிருக்கலாம், இந்தக் கரையில் மணல் போகாத இடம் இல்லை. நாலைந்து முறை நன்றாகக் குலுக்குகிறார். மூச்சை மெதுவாக வெளியே விடுகிறார். இன்ஹேலரைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் சுற்றி மூடி, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்துகிறார். மூன்று முதல் ஐந்து நொடி வரை அதே மூச்சை மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். சட்டென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே படிந்துவிடும். இழுத்ததும் வாயை மூடிப் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்கிறார். முடியாதவர்கள் முடிந்த வரை பிடித்தால் போதும்.

உதட்டோரமோ மூக்கிலோ வெள்ளைப் புகை வெளியே வந்தால் அந்த பஃப் நெஞ்சுக்குப் போகவில்லை என்று அர்த்தம். கண்ணாடி முன் நின்று எடுத்தால் இது பளிச்சென்று தெரியும்.

மணி 6:01. மறுபடி குலுக்கி, மறுபடி மூச்சை வெளியே விட்டு, ரிலீவர் இரண்டாவது பஃப்.

இப்போது ஐந்து நிமிடம். இந்த நேரத்தில் வாசல் பெருக்கக் கூடாது, அடுப்புப் புகை பக்கம் போகக் கூடாது. அக்கா வெளித் திண்ணையில் சாய்ந்து உட்காருகிறார். ஐந்து நிமிடம் முடிவதற்குள் மூச்சு இலகுவானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேசிப் பார்க்க வேண்டும். "நாளைக்குச் சந்தைக்குப் போகும்போது நெத்திலியும் சீலாவும் ஏத்தணும்" என்று ஒரே மூச்சில் வந்தால் குழாய் திறந்திருக்கிறது. லேசாகக் கை நடுங்குவதும் இதயம் வேகமாக அடிப்பதும் இந்த மருந்துக்கு வழக்கம், கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

மணி 6:06 அல்லது 6:07. பிரிவென்டரைக் குலுக்கி, அதே முறையில் முதல் பஃப். ஒரு நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி இரண்டாவது. உடனே வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து, தொண்டையிலும் கரகரவென்று விட்டுத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. ஸ்டீராய்டு தொண்டையில் தங்கினால் குரல் கம்மும், நாக்கிலும் உள்கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியும். இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் வழி, பல் விளக்குவதற்கு முன்னால் பிரிவென்டரை எடுங்கள் என்பதுதான். பல் விளக்கும்போது கொப்பளிப்பது தானாக நடந்துவிடும், மறக்க முடியாது.

மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரிலீவர் தேவைப்படாத காலையில் இரண்டே நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் அக்காவால் வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, கழுத்துக் குழியும் விலா இடைவெளியும் உள்ளே இழுக்கின்றன, உதடு நீலம் பாய்கிறது என்றால் அது வேறு கதை. பிரிவென்டரை மறந்துவிடுங்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ரிலீவரையே முப்பது நொடி முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு பஃப் வீதம், இன்ஹேலரோடு மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழாய் இருந்தால் அதில், பத்து பஃப் வரை கொடுக்கலாம். ஆளைப் படுக்க வைக்காமல் முன்பக்கம் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். கடலில் இருந்தால் வலையை எடுக்கும் வரை காத்திராமல் கரைக்குத் திருப்ப வேண்டும், கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554.

ஒரு நிமிடம் எங்கே, ஐந்து நிமிடம் எங்கே

அதிகம் குழம்புவது இங்கேதான். ஒரே இன்ஹேலரின் இரண்டு பஃப்புக்கு நடுவே அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். ரிலீவருக்கும் பிரிவென்டருக்கும் நடுவே ஐந்து நிமிடம். இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக இருக்கின்றன.

ஐந்து நிமிடம் உங்கள் உடம்புக்காக. தசை தளர நேரம் வேண்டும்.

ஒரு நிமிடம் பெரும்பாலும் டப்பாவுக்காக. உலோக டப்பாவின் வாயில் ஒரு வால்வு இருக்கிறது, அதற்குள் ஒரு பஃப் அளவுக்கு மட்டும் இடம் கொண்ட ஒரு சிறிய அறை. அழுத்தினால் அந்த அறையில் உள்ளது வெளியே வரும், விட்டால் டப்பாவிலிருந்து மறுபடி நிரம்பும். பீய்ச்சும்போது உந்து வாயு ஆவியாவதால் டப்பா குளிர்கிறது. அழுத்திய விரலில் அந்தச் சில்லிப்பை உணர்ந்திருப்பீர்கள். அடுத்தடுத்து டக் டக்கென்று அடித்தால் அறை சரியாக நிரம்பாமல் வரும் அளவு மாறலாம். அதோடு, பல இன்ஹேலர்களில் மருந்து அந்தத் திரவத்தில் கரைந்து இருப்பதில்லை, நுண்துகளாக மிதக்கிறது. குலுக்காமல் விட்டால் அடியிலோ மேலேயோ ஒதுங்கிவிடும். ஆற்று மண் கலந்த தண்ணீர்ச் செம்பை அசையாமல் வைத்தால் தெளிந்துவிடுவது போலத்தான். அப்படி இருக்கும்போது வால்வு அறைக்குள் போவது வெறும் வாயுவாகவும் இருக்கலாம், மருந்து அளவுக்கு மீறியும் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு பஃப்புக்கும் முன்னால் குலுக்க வேண்டும், முதலில் மட்டும் குலுக்கினால் ஆகாது.

உங்களுக்கும் அந்த ஒரு நிமிடம் பயன்படுகிறது. பத்து எண்ணி மூச்சைப் பிடித்துவிட்டு உடனே மறுபடி ஆழமாக இழுக்க நுரையீரல் தயாராக இருக்காது.

நேர் எதிராகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பஃப்புக்கும் ஐந்து நிமிடம் என்று நினைத்து, காலையில் நாலு பஃப் எடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே என்று சலித்து, கடைசியில் பிரிவென்டரையே விட்டுவிடுகிறார்கள். படகுக்குப் போகும் அவசரத்தில் யாருக்கு அவ்வளவு நேரம்? நேரம் உண்மையிலேயே நெருக்கினால் பஃப்புகளுக்கு நடுவே முப்பது நொடி போதும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய வராதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர்தான் சரி. ஸ்பேசரில் ஒரு முறைக்கு ஒரு பஃப் மட்டுமே அடிக்க வேண்டும். "ஒரே தடவையா ரெண்டு அடிச்சுட்டு இழுத்துக்கிறேன்" என்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசர் சுவரிலேயே தங்கிவிடும், உள்ளே போகும் மொத்த அளவு குறைந்துவிடும்.

டப்பாவில் எவ்வளவு மீதி: தண்ணீரில் போடாதீர்கள்

இந்தக் கடற்கரையில் மிதவைச் சோதனை ரொம்பப் பிரபலம். டப்பாவைக் கழற்றிக் குடத்துத் தண்ணீரில் போட்டு, மூழ்கினால் நிறைய இருக்கிறது, நிமிர்ந்து நின்றால் பாதி, படுத்து மிதந்தால் காலி என்று தீர்ப்பு சொல்வார்கள். கடலோடு பழகிய மக்களுக்கு மிதப்பதை வைத்து எடை சொல்வது இயல்பாக வருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் இது இன்ஹேலருக்குப் பொருந்தாது. டப்பாவின் அளவு, உலோகத்தின் கனம், உந்து வாயுவின் அடர்த்தி எல்லாம் மருந்துக்கு மருந்து வேறு. ஒரு கம்பெனியின் காலி டப்பா மிதக்கும் விதத்தில் இன்னொரு கம்பெனியின் பாதி டப்பா மிதக்கும். அது போதாதென்று, தண்ணீர் வால்வுக்குள் நுழைந்து அடுத்த பஃப்பைக் கெடுத்துவிடும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் உப்பும் சேர்ந்து படியும்.

குலுக்கிப் பார்ப்பதும் ஏமாற்றும். டப்பாவில் 200 பஃப் என்று போட்டிருந்தால், அந்த 200-ம் சரியான அளவில் வருவதற்காக உள்ளே கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள். 200 முடிந்த பிறகும் திரவம் தளும்பும் சத்தம் கேட்கும், அழுத்தினால் புகை வரும், ருசிகூடத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு பஃப்பிலும் எவ்வளவு மருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றில் பாதி, அடுத்ததில் ஒன்றுமே இல்லை என்று ஏறியிறங்கும். ரிலீவர் இப்படி வெறும் வாயுவை அடிக்கும் நிலையில் இருக்கிறது என்பது, ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு வரும்போதுதான் தெரியவரும்.

ஆகவே எண்ணுவதுதான் வழி. எண்ணுவது இரண்டு விதம்.

பிரிவென்டருக்குத் தேதிக் கணக்கு. தினமும் ஒரே அளவு எடுப்பதால் வகுத்தல் மட்டும் தெரிந்தால் போதும். அக்காவின் புடசனைட் டப்பாவில் 200 பஃப். புது டப்பாவைத் திறந்ததும் முகத்துக்கு விலக்கி இரண்டு முறை காற்றில் அடித்து விட்டார் என்று வைப்போம். எத்தனை முறை என்பது மருந்துக்கு மருந்து மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். அந்த இரண்டைப் பாதுகாப்புக்காகக் கழித்துவிட்டால் மீதி 198. ஒரு நாளைக்கு நாலு. 198-ஐ நாலால் வகுத்தால் 49 முழு நாளும் ஒரு வேளையும். ஜூன் 3 காலை தொடங்கினால் ஜூன் மாதத்தில் 28 நாள், ஜூலையில் 21 நாள். ஜூலை 21 ராத்திரியோடு முழு நாள் கணக்கு முடிகிறது, 22 காலை கடைசி வேளை. அக்கா டப்பாவில் ஒட்டிய பிளாஸ்திரியில் இரண்டு தேதி எழுதுகிறார்: "புதுசு வாங்க ஜூலை 14", "கடைசி முழு நாள் ஜூலை 21". ஒரு வாரம் முன்னதாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாதிரிச் சின்னக் கடையில் குறிப்பிட்ட மருந்து இல்லையென்றால் ராமநாதபுரத்திலிருந்து வர ஓரிரு நாள் ஆகும்.

இதே அளவு எடுப்பவருக்கு 120 பஃப் டப்பா கொடுத்திருந்தால் முப்பது நாள்கூட முழுசாக வராது. டப்பாவை மாற்றிக் கொடுக்கும்போது எண்ணைப் பாருங்கள், பழைய ஞாபகத்தில் ஏழு வாரம் என்று இருந்துவிட வேண்டாம்.

ரிலீவருக்குத் தேதிக் கணக்கு உதவாது, அது ஒரு வாரம் சும்மா இருக்கும், ஒரு நாளில் எட்டு பஃப் போகும். அதற்குக் கோடு போடுவதுதான். பெட்டியின் அட்டையை வெட்டிச் சமையலறையில் மாட்டிவிடுங்கள், பக்கத்தில் ஒரு பேனா. ஒரு பஃப்புக்கு ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. புதிதாகத் திறந்து சோதித்து அடித்ததற்கும் கோடு உண்டு. இரண்டு வாரம் தொடாமல் இருந்த ரிலீவரை மறுபடி காற்றில் அடித்துச் சோதித்தால் அதற்கும் உண்டு. 180 கோடு வந்ததும் புதுசு வாங்கிவிட வேண்டும். 200 வந்ததும் பழையது கையில் இருக்கவே கூடாது, எவ்வளவு தளும்பினாலும்.

படகுக்குப் போகிறவர்களுக்கு அட்டை சரிப்படாது. காலையில் கிளம்பி மறுநாள் திரும்பும் விசைப்படகுக்காரர் ஒருவர் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் ரிலீவரோடு பத்து மிளகு போட்டுக்கொண்டு போவார். ஒரு பஃப் அடித்தால் ஒரு மிளகைக் கடலில் போடுவார். கரைக்கு வந்து குறைந்த மிளகை எண்ணி வீட்டு அட்டையில் கோடு போடுவது மனைவியின் வேலை. இஞ்சின் அறைக்குள் மட்டும் அந்த டப்பாவை வைக்காதீர்கள். பெரும்பாலான இன்ஹேலரில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும், நம் வெயிலில் அது முழுக்க நடக்காது என்றாலும் நேர் வெயிலும் இஞ்சின் சூடும் படாமல் பார்த்துக்கொள்ளலாம். பைக் பெட்டியும் அதே கதைதான்.

இப்போது சில இன்ஹேலரில் பின்பக்கமோ மேலேயோ எண் காட்டும் கவுண்ட்டர் வருகிறது. அது இருந்தால் கோடு வேண்டாம். ஆனால் அது எதை எண்ணுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அழுத்தியதைத்தான் எண்ணுமே தவிர, மருந்து நெஞ்சுக்குப் போனதை எண்ணாது. சிலது ஒவ்வொன்றாகக் குறையும், சிலது பத்துப் பத்தாக. கடைசியில் சிவப்பு நிறம் வந்தால் வாங்கும் நேரம். கவுண்ட்டர் உள்ள டப்பாவைப் பெரும்பாலும் கழற்றக் கூடாது, தாளைப் படித்துவிட்டுக் கழுவுங்கள்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. சால்புட்டமால் இன்ஹேலரில் புகை வரும் சிறு துளை அடைத்துக்கொள்வது சகஜம். அடைத்தால் பஃப் மெலிந்து வரும், மருந்து தீர்ந்துவிட்டது என்று தப்பாகத் தோன்றும். அட்டையில் கோடு அறுபதுதான் இருக்கிறது, புகை மட்டும் வரவில்லை என்றால் அடைப்பைச் சந்தேகியுங்கள். உலோக டப்பாவை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உடம்பை வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை நிமிடம் அலசி, உதறி, ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிக்க வாங்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் போதும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காய விட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்துத் துகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அட்டையில் இருக்கும் கோடு டாக்டருக்கு என்ன சொல்லும்

கோடு போடுவதில் இன்னொரு பலன் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அக்காவின் பிரிவென்டர் ஒழுங்காக உள்ளே போய்க்கொண்டிருந்தால் ரிலீவர் அட்டை நிரம்பவே நாளாகும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் ரிலீவர் தேவைப்படுகிறது என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. ஒரு வருடத்தில் 200 பஃப் ரிலீவர் டப்பா மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்றும், மாதம் ஒன்று என்ற கணக்கில் பன்னிரண்டு ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்றும் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மாதா மாதம் வந்து ஒரு ரிலீவர் மட்டும் வாங்கிப் போகிறவரிடம் நான் பிரிவென்டர் எங்கே என்று கேட்காமல் விடுவதில்லை. "அது அடிச்சா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுண்ணே" என்பார்கள். தெரியாதுதான். அது தெரிவது அட்டையில் கோடு குறையும்போது.

கோட்டுக்குப் பக்கத்தில் தேதியும், அன்று என்ன வேலை என்பதும் ஒரு வார்த்தை எழுதினால் இன்னும் நல்லது. அக்காவின் அட்டையில் கோணி கட்டிய நாட்களில் கோடு குவிந்திருந்தால், அந்த வேலைக்கு முகத்தை இறுக்கி மூடும் மாஸ்க் வேண்டுமா, வேறு வேலைக்கு மாற முடியுமா என்று பேசலாம். இன்னொருவருக்கு அது சீமைக் கருவேலக் கரி மூட்டம் போடும் நாளாக இருக்கும், மற்றொருவருக்கு மிளகாய் வற்றல் காயும் களமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலத்தில் கோடு குறைந்து, படகு இறங்கியதும் ஏறினால் அதுவும் ஒரு தகவல். ஒரு ரிலீவர் வேளை நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் மறுபடி எடுத்திருந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டு, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

போகும்போது அட்டையையும், இரண்டு இன்ஹேலரையும், ஸ்பேசரையும் பையில் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள். தீர்ந்த டப்பாவை மட்டும் கொல்லையில் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். காலி என்று நினைக்கும் டப்பாவுக்குள்ளும் அழுத்தத்தில் வாயு இருக்கிறது, நெருப்பில் வெடிக்கும். ஆணியால் குத்தவும் கூடாது.